வழுக்கை மரபணுச் சோதனை: 72 என்ற எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 24 வயது. திருமங்கலம் பக்கம் ஊர். மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 35 வயதிலேயே உச்சந்தலையில் முடி போய்விட்டது. ஆனால் என் தாய்மாமனுக்கு 50 வயதிலும் முடி அடர்த்தியாக இருக்கிறது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் கடைசி வரை முடி இருந்தது. அப்பா சொந்த மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறார். "முடி தாய்மாமன் வழிதான் வரும், பயப்படாதே" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு இப்போது முடி நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இணையத்தில் ஒரு மரபணுச் சோதனைப் பெட்டி வாங்கி எச்சில் அனுப்பிப் பார்த்தேன். "வழுக்கை ஆபத்து: உயர்வு, 72. ஏ.ஆர். மரபணுவில் ஆபத்து வடிவம் உள்ளது" என்று அறிக்கை வந்திருக்கிறது. அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். இப்போதே மாத்திரை தொடங்கிவிடலாமா? 17 வயதாகும் தம்பிக்கும் இந்தச் சோதனையை எடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

இந்த அறிக்கையை மட்டும் நம்பி மாத்திரை தொடங்க வேண்டாம். தம்பிக்கு இந்தச் சோதனையும் வேண்டாம். காரணங்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதுகிறேன். நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர் என்பதால் எண்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். எச்சிலோடு வரும் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட சில லட்சம் இடங்களில் மட்டும் எந்த எழுத்து இருக்கிறது என்று ஒரு சில்லின் உதவியால் படிக்கிறார்கள். முழு மரபணுத் தொகுதியையும் அவர்கள் படிப்பதில்லை. எச்சில் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமலும் குடிக்காமலும், வெற்றிலை பாக்கு போடாமலும் இருந்தால், படிக்கும் வேலை பெரும்பாலும் சரியாகவே நடக்கும். மாதிரி போதாமல் போனால் அறிக்கை தராமல் மறுபடி அனுப்பச் சொல்வார்கள். ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள எழுத்துகளை நான் சந்தேகிக்கவில்லை. அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஏ.ஆர். என்பது ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு. உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவமாக மாறி, முடிவேரில் உள்ள இந்த ஏற்பியோடு சேர்கிறது. பரம்பரையாகவே எளிதில் பாதிக்கப்படும் முடிவேர்களில், அந்தச் சேர்க்கை முடியின் வளர்ச்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னதைவிட மெலிதாகவும் குட்டையாகவும் முளைத்து, கடைசியில் பூனைமுடி அளவுக்கு வந்துவிடுகிறது. வழுக்கையில் முதலில் நடப்பது இந்த மெலிவுதான். முடி கொட்டுவது எல்லோருக்கும் உண்டு.

ஏ.ஆர். மரபணுவில் சோதனை நிறுவனங்கள் பெரும்பாலும் பார்ப்பது rs6152 என்ற ஓர் இடத்தை. அங்கே G என்ற எழுத்து இருந்தால் "ஆபத்து வடிவம்" என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்து மாறுவதால் புரதத்தில் எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை. அருகில் உள்ள வேறு ஏதோ ஒரு மாற்றத்தோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் ஓர் அடையாளம் அது, அவ்வளவுதான். இந்த அடையாளத்தை வழுக்கையோடு முதலில் தொடர்புபடுத்திய ஆய்வு ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இளம் வயதிலேயே வழுக்கை விழுந்தவர்களில் 98.1 சதவீதம் பேரிடம் இந்த வடிவம் இருந்தது. விளம்பரங்களில் எடுத்துக்காட்ட ஏற்ற எண் இது. ஆனால் அதே ஆய்வில், வழுக்கையே விழாத ஆண்களில் 76.6 சதவீதம் பேரிடமும் இதே வடிவம் இருந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். ஒரு கணக்குக்காக, 100 ஆண்களில் 30 பேருக்கு இளம் வயதில் வழுக்கை விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 பேரில் ஏறத்தாழ 29 பேரிடம் ஆபத்து வடிவம் இருக்கும். மீதமுள்ள 70 பேரில் ஏறத்தாழ 54 பேரிடமும் அது இருக்கும். ஆக மொத்தம் 83 பேருக்கு "ஆபத்து வடிவம் உள்ளது" என்று அறிக்கை போகும். அவர்களில் வழுக்கை விழப்போவது 29 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 35 சதவீதத்தினருக்கு. சோதனை செய்யாமல் இருந்திருந்தால் நாம் சொல்லியிருக்கக்கூடியது 30 சதவீதம். சோதனை அதை 35 ஆக்கியிருக்கிறது. மறுபுறம், ஆபத்து வடிவம் இல்லாத 17 பேரில் வழுக்கை விழுவது ஏறத்தாழ ஒருவருக்குத்தான். எனவே இந்தச் சோதனை ஏதாவது உருப்படியாகச் சொல்லுமானால், அது "இல்லை" என்று வரும்போதுதான். "உண்டு" என்று வரும்போது பெரும்பாலானவர்களிடம் உள்ள ஒன்று உங்களிடமும் இருக்கிறது என்பதைத் தவிர அதிகமாக எதுவும் சொல்வதில்லை. உங்களுக்கு வந்திருப்பது "உண்டு".

இங்கேதான் உங்கள் தாய்மாமனைப் பற்றிய பேச்சும் வருகிறது. ஏ.ஆர். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே ஓர் எக்ஸ்தான். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். வீட்டில் சொல்வதற்கு அடிப்படை இதுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தாய்மாமனிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றே என்று பொருளாகாது. உங்கள் அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருக்கின்றன: ஒன்று உங்கள் தாத்தா கொடுத்தது, மற்றொன்று அம்மாச்சி கொடுத்தது. ஏ.ஆர். இருக்கும் அந்த இடத்தில் உங்களுக்கு வந்தது தாத்தாவினுடையதாக இருக்கப் பாதி வாய்ப்பு, அம்மாச்சியினுடையதாக இருக்கப் பாதி வாய்ப்பு. உங்கள் மாமாவுக்கோ தாத்தாவிடமிருந்து எக்ஸ் வரவே வராது. அவருடையது முழுவதும் அம்மாச்சியினுடையது. அம்மாச்சியிடமும் இரண்டு எக்ஸ் இருந்தன என்பதால், அம்மாவுக்குப் போனதும் மாமாவுக்குப் போனதும் ஒன்றாக இருக்கப் பாதி வாய்ப்புதான் உண்டு. பாதியில் பாதி, அதாவது நான்கில் ஒரு பங்கு. உங்கள் ஏ.ஆர். மரபணு மாமாவினுடைய அதே பிரதியாக இருப்பதற்கான வாய்ப்பு அவ்வளவே. தாத்தாவினுடையதாக இருப்பதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு வாய்ப்பு இருக்கிறது. எக்ஸ் வழியில் யாருடைய தலையையாவது பார்க்க வேண்டுமென்றால், தாய்மாமனைவிட அம்மாவின் அப்பாவைப் பார்ப்பதே பொருத்தம்.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அப்பா சொந்த மாமன் மகளை மணந்தவர் என்றால், உங்கள் தாத்தாவும் அப்பத்தாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாயின் எக்ஸ் ஒரு புறம் தாத்தா, அம்மா வழியாக உங்களுக்கும், மறுபுறம் அப்பத்தா வழியாக உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்க முடியும். அப்பா மகனுக்கு எக்ஸ் கொடுப்பதில்லை என்று பாடப்புத்தகத்தில் இருந்தாலும், இப்படிப்பட்ட திருமணத்தில் அப்பாவும் மகனும் ஒரே ஏ.ஆர். பிரதியை வைத்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாகிறது. அத்தை மகளை மணந்திருந்தால் இந்த வழி திறந்திருக்காது, ஏனென்றால் அப்போது அப்பாவின் எக்ஸ் வெளியிலிருந்து வந்த அப்பத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்கள் ஏராளமாக இருக்கும்போது, அம்மா வழி, அப்பா வழி என்று கோடு கிழித்துப் பிரிப்பது பல நேரங்களில் முடியாத காரியம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எக்ஸ் குரோமோசோம் ஒன்று மட்டும் வழுக்கையைத் தீர்மானிப்பதில்லை என்பது. எடின்பரோ பல்கலைக்கழகக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனைச் சேர்ந்த 52,874 ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்து, வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றில் எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை 40. மற்றவை எல்லாம் அப்பாவும் அம்மாவும் சரிபாதியாகக் கொடுக்கும் ஏனைய குரோமோசோம்களில் இருந்தன. தனியொரு மரபணு என்று பார்த்தால் ஏ.ஆர். பகுதிக்கே செல்வாக்கு அதிகம். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஏனைய குரோமோசோம்களின் பங்கு எக்ஸினுடையதைவிடப் பல மடங்கு பெரியது. இதனால்தான் அப்பாவின் தலையையும் நான் கட்டாயம் கேட்பேன். 1998-இல் வந்த ஓர் ஆய்வில், வழுக்கை விழுந்த மகன்களில் 81.5 சதவீதம் பேரின் அப்பாக்களுக்கும் வழுக்கை இருந்தது. இதைத் திருப்பிப் போட்டு, அப்பாவுக்கு வழுக்கை என்றால் மகனுக்கு 81.5 சதவீதம் என்று படித்துவிடக் கூடாது. அப்படிப் படிக்காவிட்டாலும், 35 வயதில் முடி இழந்த அப்பா என்ற தகவல், உங்கள் அறிக்கையில் உள்ள ஏ.ஆர். வரியைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. அந்தத் தகவலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இனி 72 என்ற எண்ணுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு செல்வாக்குகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவதே இப்போதைய சோதனைகளின் வழக்கம். உங்கள் அறிக்கையின் உள்பக்கங்களைத் திறந்து, அந்த 72 எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். மணி வடிவத்தில் ஒரு வரைபடம் போட்டு, அதில் நீங்கள் நிற்கும் இடத்தை அம்புக்குறியால் காட்டியிருந்தால், அது வரிசையில் உங்கள் இடம். 100 பேரை மதிப்பெண்படி நிறுத்தினால் 72 பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். வழுக்கை விழ 72 சதவீத வாய்ப்பு என்ற பொருள் அதற்குக் கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கலங்கிப்போய் வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எண்ணையும், கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அதன் பொருளையும் போடும் வழக்கம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. அதை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அது உண்மையிலேயே வாய்ப்பைக் குறிக்கும் எண்ணாக இருந்தாலும், எத்தகைய வழுக்கை, எந்த வயதில் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளில்லை. நான் மேலே குறிப்பிட்ட எடின்பரோ ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 40 முதல் 69 வயது வரை உள்ளவர்கள். நான்கு படங்களைக் காட்டி, உங்கள் தலை எந்தப் படத்தை ஒத்திருக்கிறது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முடி இழப்பே இல்லை என்றவர்கள் ஏறத்தாழ 32 சதவீதம். மற்றவர்கள் எல்லாம், நெற்றியில் சற்று ஏறியவர்கள் உட்பட, ஏதோ ஓரளவு இழந்தவர்கள். அதாவது சிறிய இழப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், எந்தச் சோதனையும் செய்யாமலே அந்தக் கூட்டத்தில் ஓர் ஆணுக்கு 68 சதவீதம் என்று சொல்லிவிடலாம். உங்கள் 72 அந்த வகை எண் என்றால், அது சராசரிக்கு நான்கு புள்ளிதான் மேலே இருக்கிறது.

நடுத்தரம் அல்லது கடுமையான வழுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தக் கூட்டத்தின் சராசரி ஏறத்தாழ 45 சதவீதம். மரபணு மதிப்பெண்ணில் உச்சத்தில் இருந்த பத்தில் ஒரு பங்கினரை மட்டும் தனியே பார்த்தபோது அது 58 சதவீதமாக இருந்தது. மிக உயர்ந்த ஆபத்துள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களிலேயே 100-க்கு 42 பேருக்கு அந்த அளவுக்கு வழுக்கை விழவில்லை. எதிர்ப்பக்கத்தில், மதிப்பெண் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்குக் கடுமையான வழுக்கை விழுந்திருந்தது. மதிப்பெண்ணுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய கூட்டங்களை வகைப்படுத்தி ஆராய்ச்சி செய்ய அது நல்ல கருவி. ஆனால் ஒரே ஒருவருடைய தலையை எடுத்துக்கொண்டு, எந்த வயதில், எந்த இடத்தில், எவ்வளவு முடி போகும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் பிரிட்டனின் வெள்ளையர்கள் என்பதும் உங்களுக்கு முக்கியம். கண்டறியப்பட்ட இடங்களில் பலவும் rs6152 போல அடையாளங்களே. உண்மையான காரணம் அவற்றின் அருகில் எங்கோ இருக்கிறது. ஓர் இனத்தாரிடம் அடையாளமும் காரணமும் சேர்ந்தே பயணப்படும். வேறு வரலாறு கொண்ட இன்னோர் இனத்தாரிடம் அந்தச் சேர்க்கை தளர்ந்திருக்கலாம், அடையாளம் மட்டும் இருந்து காரணம் இல்லாமல் போகலாம், ஓர் எழுத்து அங்கே அரிதாகவும் இங்கே பரவலாகவும் இருக்கலாம். ஐரோப்பியர்களிடம் உருவாக்கிய மரபணு மதிப்பெண்கள், உயரம் முதலான பல பண்புகளில் தெற்காசியர்களிடம் துல்லியம் குறைவதை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அளவெடுக்காமல் வேறொருவருக்காகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வது போன்றது இது. சில இடங்களில் பொருந்தலாம், ஆனால் பொருந்தும் என்று நம்பி வாங்க முடியாது. எனவே உங்கள் நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: இந்த எண் எந்த நாட்டு மக்களிடமிருந்து கணக்கிடப்பட்டது, அவர்களுடைய வயது என்ன, எந்த அளவு முடி இழப்பை வழுக்கை என்று எண்ணினீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், 72-ஐ அடித்துவிடுங்கள்.

இந்தச் சோதனையால் தொடவே முடியாத முடி உதிர்வுகளும் இருக்கின்றன. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும்; பெரும்பாலும் அது தானாகவே நின்று மறுபடி முளைக்கும். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, புழுவெட்டு ஆகியவற்றால் வரும் உதிர்வையும் இந்தச் சோதனை காட்டாது. "ஆபத்து உயர்வு" என்று அறிக்கை வாங்கியவர், காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வைப் பார்த்ததும் வழுக்கை தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டி ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதும், "ஆபத்து குறைவு" என்று வாங்கியவர் தொடங்கிவிட்ட மெலிவைக் கவனிக்காமல் விட்டுவிடுவதும் நடக்கக்கூடியவை. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது உங்கள் தலையில் மெலிவு தொடங்கிவிட்டதா என்பதை. அதை எச்சிலிலிருந்து அறிய முடியாது. தலையைப் பார்த்தே அறிய முடியும். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை உச்சந்தலையிலும் பின்தலையிலும் வைத்து ஒப்பிடுவார். பரம்பரை வழுக்கை தொடங்கியிருந்தால், பின்தலையில் முடிகள் ஒரே தடிமனில் இருக்கும்போது உச்சியில் தடித்ததும் மெலிந்ததும் கலந்து தெரியும். தடிமன் மாறுபட்ட முடிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அதைத் தொடக்கமாகக் கொள்கிறோம். வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இது தெரிந்துவிடும். இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலேயே காட்டலாம். அண்மையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டிருந்தால், முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், மூன்று நான்கு மாதம் கழித்துப் போனால் ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்கும்.

மெலிவு இல்லையென்றால் மாத்திரைக்கு இடமே இல்லை. ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கக் காரணமாக இருந்த பெரிய ஆய்வுகள், ஏற்கெனவே முடி மெலிந்துகொண்டிருந்த ஆண்களிடம்தான் நடத்தப்பட்டன. அது டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி.யாக மாறுவதைக் குறைக்கிறது. சாப்பிடும் வரை பலன், நிறுத்தினால் ஓர் ஆண்டுக்குள் அந்தப் பலன் போய்விடும். ஆகவே தொடங்குவது என்பது ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கான முடிவு. பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு வருவதில்லை. ஆனால் சிலருக்குப் பாலுணர்வு குறைவதும் விறைப்பில் தளர்ச்சியும் ஏற்படுகின்றன, சிலருக்கு மனச்சோர்வு வருகிறது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் உறுதி செய்திருக்கிறது. அடர்த்தியான முடியோடு, திருமணத்தை எதிர்நோக்கி இருக்கும் 24 வயது இளைஞர், மெலிவு தொடங்காத நிலையில் இந்தச் சுமையை ஏற்பதை நான் ஏற்கவில்லை. மெலிவு தொடங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போது இந்த மாத்திரையோ தலையில் தடவும் மினாக்சிடிலோ, உங்கள் உடல்நிலையையும் விருப்பத்தையும் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார். உங்களிடம் எந்த எழுத்து இருக்கிறது என்பது அந்த முடிவை மாற்றாது.

பெண் வீட்டாரிடம் இந்த அறிக்கையைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அது நோயைக் கண்டறிந்த சான்று அல்ல.

தம்பியைப் பொறுத்தவரை, அவருடைய ஏ.ஆர். மரபணு உங்களுடைய அதே பிரதியாக இருக்கப் பாதி வாய்ப்பு இருக்கிறது. வேறு பிரதியாக இருந்தாலும், மேலே சொன்ன கணக்குப்படி ஆபத்து வடிவமே வந்துசேர வாய்ப்பு அதிகம். அதை 17 வயதில் அவரிடம் கொடுத்தால், அவர் கண்ணாடியில் தலையைப் பார்க்கும் போதெல்லாம் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். அதைக் கொண்டு செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் அந்த வயதில் இல்லை, ஃபினாஸ்டிரைடு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதும் அல்ல. தவிர, அந்தக் குழாயில் போவது தலைமுடி பற்றிய தகவல் மட்டும் அல்ல; பல நோய்களைப் பற்றியும் உறவினர்களைப் பற்றியும் தகவல் தரும் ஒரு கோப்பு அதிலிருந்து உருவாகி, யாரோ ஒருவரின் கணினியில் தங்கிவிடுகிறது. தன்னுடைய கோப்பு உருவாக வேண்டுமா என்று தம்பி வயது வந்த பிறகு தானே முடிவு செய்யட்டும். உங்கள் கோப்பையும் மீதமுள்ள எச்சில் மாதிரியையும் அழித்துவிடுமாறு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, அழித்ததற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், எண்ணெய் தடவாத உலர்ந்த தலையை நெற்றி, உச்சி, இரு பக்கப் பொட்டு என நான்கு கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு படங்களுக்கு இடையே வகிடு அகன்றிருந்தாலோ, உச்சியில் தோல் தெரியத் தொடங்கியிருந்தாலோ, அந்தப் படங்களோடு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்; அறிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.